பத்து ரோல்ஸுக்கு 2 லீற்றர் எண்ணெய் எதுக்கு?

பத்து ரோல்ஸ் பொரிக்கவும் பெரிய சட்டியைத்தான் அடுப்பில வைக்கிறோம். ரோல்ஸ் மிதக்க ஒன்றரை அங்குல ஆழம் எண்ணெய் போதும். அடி தட்டையான 10 அங்குலச் சட்டியில அதுக்கு 2 லீற்றர் கிட்ட போகும். 7 அங்குலச் சட்டிக்கு 1 லீற்றரே காணும்.

ஆனா சின்னச் சட்டி உயரமா இருக்கணும். ஈரம் பட்டா எண்ணெய் நுரைச்சுப் பொங்கும். அதனால பாதிக்கு மேல ஊற்றவே கூடாது. மூணு மூணாப் போடுங்க. கூடப் போட்டா சூடு இறங்கி, ரோல்ஸ் எண்ணெய் குடிக்கும். கெதியா முடிக்கணும்னு பெரிய சட்டி எடுக்கிறதில எங்களுக்கு உடன்பாடில்லை, மிஞ்சின எண்ணெய் கறுத்து வீணாத்தான் போகுது.

எண்ணெய் புகைஞ்சா அடுப்பை நிறுத்துங்க. தீப்பிடிச்சா தண்ணி ஊற்றாம, சட்டியை நகர்த்தாம, மூடியால மூடுங்க. பொருந்துற மூடி பக்கத்திலயே இருக்கட்டும்.