கிலோவுக்கு என்ன செலவு என்று சொல்கிறார்கள், எந்தக் கிலோ என்று சொல்வதில்லை

இலங்கை மலையகத்தில் சம்பளப் பேச்சு எழும்போதெல்லாம் தோட்டக் கம்பெனிகள் ஒரே எண்ணைத்தான் நீட்டுகின்றன: ஒரு கிலோ தேயிலையின் உற்பத்திச் செலவு. அதில் பெரும்பங்கு தொழிலாளர் செலவு, ஆகவே சம்பளத்தை உயர்த்த முடியாது என்கிறார்கள். தோழர்களே, அந்த எண் ஒரு வகுத்தல் கணக்கு. மேலே செலவு, கீழே கிடைத்த தேயிலை. கம்பெனிகள் மேலே இருப்பதை மட்டுமே பேசுகின்றன.

போட்டுப் பார்ப்போம். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாயானது. ஒரு கிலோ தேயிலைக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு பெண் 18 கிலோ எடுத்தால் 4 கிலோ தேயிலை. பறிப்புக் கூலி கிலோவுக்கு 250 ரூபாய். மலையில் 12 கிலோதான் கிடைத்தால் அதுவே 375. 24 கிலோ கிடைத்தால் சுமார் 188. மூன்றிலும் சம்பளம் அதே 1000தான்.

மலையில் கொழுந்து ஏன் குறைகிறது? செடி கிழடாகி மறுநடுகை நடக்கவில்லை. செத்த செடியின் இடம் வெற்றாகக் கிடக்கிறது. கவ்வாத்து தள்ளிப்போகிறது, உரம் வெட்டப்படுகிறது, புல் மண்டுகிறது. 1992இல் தோட்டங்களை நடத்தும் பொறுப்பு கம்பெனிகளிடம் போனது. இந்த முடிவுகளும் அவர்களுடையவை. ஆனால் எடை குறைந்தால் அரைப் பேர் விழுவது கொழுந்து எடுத்த பெண்ணுக்கு.

ஆலையிலும் இதே கதைதான். கொழுந்தை வாட்ட, விசிறிகள் 12 முதல் 18 மணி நேரம் ஓடவேண்டும். தொட்டி பாதி நிறைந்திருந்தாலும் விசிறி ஓடும். உலர்த்தும் அடுப்பும் அப்படியே. வரவு குறைந்தால் கிலோவுக்கான மின்சாரச் செலவும் விறகுச் செலவும் ஏறும். பறிப்புச் சுற்று பிந்தி இலை முற்றினால் நாரும் கழிவும் கூடி, விற்கும் விலையும் இறங்கும். பொதி கட்டும் செலவு இவற்றுக்கு முன்னால் சிறியது.

இனி தராசுக்கு வருவோம். ஈரத்துக்கும் சாக்குக்கும் எடை கழிப்பதில் நியாயமுண்டு, உள்ளதைக் கழித்தால். வெயில் நாளிலும் 2 கிலோ கழித்தால்? 20 கிலோ எடுத்தவளுக்கு 18 என்று எழுதுகிறார்கள். ஆலையில் 20 கிலோவுக்கும் தேயிலை வருகிறது: 4.44 கிலோ. பறிப்புக் கூலி 250இலிருந்து 225 ஆகிறது. அந்த 25 ரூபாய் அவள் சாக்கிலிருந்து போனது. இதைக் கண்டுபிடிக்க வழியுண்டு. மலையில் எழுதிய எடையால் தேயிலையை வகுத்துப் பாருங்கள். நூற்றுக்கு 22 வரவேண்டிய இடத்தில் 24, 25 என்று நின்றால், எழுதாத கொழுந்து ஆலைக்குள் போயிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

ஆகவே அடுத்த பேச்சுவார்த்தையில் உற்பத்திச் செலவு என்று ஒரு எண்ணைக் காட்டினால், மூன்று எண்களைத் திருப்பிக் கேளுங்கள்: ஹெக்டேருக்கு விளைச்சல் எவ்வளவு? இந்த ஆண்டு மறுநடுகை எத்தனை ஹெக்டேர்? மலை எடைக்கும் ஆலை எடைக்கும் வித்தியாசம் என்ன? இவற்றைத் தராதவர்களுக்குச் சம்பளத்தைக் குறைசொல்ல உரிமையில்லை.