மைனஸ் பி ப்ளஸ் ஆர் மைனஸ்: அந்த மைனஸ்ல ஒரு வில்லங்கம்

இருபடிச் சமன்பாட்டுக்கான சூத்திரத்தை நம்மில் பலரும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவோம். மைனஸ் பி, ப்ளஸ் ஆர் மைனஸ், ரூட் ஆஃப் பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி, எல்லாத்தையும் டூ ஏ-வால வகுக்கணும். கணக்கா அது நூத்துக்கு நூறு சரி. ஆனா அதை அப்படியே ப்ரோக்ராம்ல அடிச்சா, ரெண்டு மூலங்கள்ல ஒண்ணு சில சமயம் தப்பா வரும். எர்ரர் எதுவும் காட்டாது. ஏதோ ஒரு எண்ணை ரொம்ப நம்பிக்கையா திரையில போட்டுட்டுப் போயிடும். பாடப்புத்தகத்துல இந்த சூத்திரத்துக்குப் பக்கத்துல ரெண்டு வரி எச்சரிக்கை இருந்தே ஆகணும்ங்கறது என் கட்சி. ஏன்னு சொல்றேன்.

கால்குலேட்டர் வேண்டாம், கையாலயே போட்டுப் பாக்கலாம். சமன்பாடு x² − 80x + 1 = 0. ஒரே நிபந்தனை: எந்த விடையா இருந்தாலும் நாலு இலக்கம் மட்டும்தான் வச்சுக்கணும், மீதியை ரவுண்ட் பண்ணிடணும். (கம்ப்யூட்டரும் இதையேதான் செய்யுது. அதுக்குக் கொஞ்சம் அதிகமா இலக்கம் இருக்கு, அவ்ளோதான்.)

80-ன் வர்க்கம் 6400. அதுல 4 போனா 6396. இதுவரைக்கும் துளிக்கூடப் பிழை இல்லை. 6396-ன் வர்க்கமூலம் 79.97499..., நாலு இலக்கத்துக்கு 79.97. இப்ப சின்ன மூலம்: 80-லேர்ந்து 79.97 போனா 0.03, அதுல பாதி 0.015. உண்மையான விடை என்ன தெரியுமா? 0.012502. கிட்டத்தட்ட 20 சதவீதம் பிழை! பெரிய மூலமோ 80.00-ன்னு வருது, உண்மை 79.99. அங்க பிழை 0.02 சதவீதம் கூட இல்லை. ஒரே சூத்திரம், ஒரே வர்க்கமூலம், ஒரு பிள்ளை தேறிடுச்சு, இன்னொண்ணு கோட்டை விட்டுடுச்சு.

"ஏறக்குறைய சமமான ரெண்டு எண்ணைக் கழிக்காதே, கழித்தல் ஆபத்து"ன்னு பொதுவா சொல்லுவாங்க. இந்தத் தொல்லைக்கு கேடஸ்ட்ராஃபிக் கேன்சலேஷன்னு பயங்கரமான பேரே உண்டு. ஆனா எனக்கு அந்தக் குற்றச்சாட்டுல உடன்பாடு இல்லை. மேல பாருங்க, 80 − 79.97 = 0.03ங்கறது துல்லியமான கழித்தல். பக்கத்துப் பக்கத்து எண்களைக் கழிக்கும்போது கம்ப்யூட்டரும் ரவுண்ட் பண்றதே இல்லை, விடை அப்படியே சரியா வரும். இதுக்கு ஸ்டெர்பென்ஸ் பேர்ல ஒரு தேற்றமே இருக்கு. தப்பு நடந்தது அதுக்கு முந்தின படியில, வர்க்கமூலத்தை ரவுண்ட் பண்ணினப்போ. அங்க தொலைஞ்சது 0.005. எண்பதுக்குப் பக்கத்துல அது தூசு. கழித்தல் வந்து எண்பதைத் தூக்கிட்டுப் போனதும் மிச்சம் இருக்கவேண்டியது வெறும் 0.025தான். அதுக்குப் பக்கத்துல அதே 0.005 அஞ்சுல ஒரு பங்கு.

எலுமிச்சம்பழத்தோட எடை தெரியணும்னு, லாரியை எடை மேடையில பழத்தோட ஒரு தடவை, பழம் இல்லாம ஒரு தடவை நிறுத்திக் கழிச்சுப் பாக்கறதுக்கு சமம் இது. கழிச்சவர் கணக்குல புலிதான். மேடை அஞ்சு கிலோ கணக்குல காட்டினா அவர் என்ன பண்ணுவார்?

"நாலு இலக்கம் வச்சா இப்படித்தான், டபுள்ல பதினாறு இலக்கம் இருக்கே"ன்னு நீங்க கேக்கலாம். x² − 100000000x + 1 = 0, அதாவது b மைனஸ் பத்து கோடி. சின்ன மூலம் ஏறக்குறைய 1e-8. டபுள்லயே சூத்திரத்தை அப்படியே அடிச்சா வர்றது 7.450580596923828e-09. பதினாறு இலக்கம் பளபளன்னு இருக்கு, முதல் இலக்கமே தப்பு. b-யை நூறு கோடி ஆக்கினா சின்ன மூலம் 0.0-ன்னே வருது. சமன்பாட்டுல பூஜ்யத்தைப் போட்டா 1 = 0-ன்னு ஆகும் :-)

இவ்ளோ பெரிய எண் யார் போடப்போறாங்கன்னும் சொல்லலாம். ஆனா 32 பிட் ஃப்ளோட்ல ஏழு இலக்கம்தான். அங்க b வெறும் மைனஸ் 4000-ஆ இருந்தா போதும், 0.00025 வரவேண்டிய இடத்துல 0.000244 வருது. கிராஃபிக்ஸ் கார்டுல ஒளிக்கதிர் ஒரு கோளத்தை எங்க தொடுதுன்னு பாக்கறது இருபடிச் சமன்பாடுதான், அங்க பெரும்பாலும் ஃப்ளோட்தான் புழக்கம். ஆர்டுயினோ ஊனோவுல `double`ன்னு எழுதினாலும் கிடைக்கறது அதே நாலு பைட்தான். அதனால "இலக்கத்தைக் கூட்டு"ங்கறது எப்பவும் கையில இருக்கற மருந்து இல்லை.

சரியான மருந்துக்குக் காசே ஆகாது. ரெண்டு மூலங்களோட பெருக்கற்பலன் c/a-ன்னு பத்தாம் வகுப்புலயே படிச்சிருக்கோம். அதனால எந்தக் குறியைப் போட்டா கூட்டலா வருமோ அந்த மூலத்தை மட்டும் சூத்திரத்துல கண்டுபிடிக்கணும். மற்றதைப் பெருக்கற்பலன்லேர்ந்து வகுத்து எடுத்துக்கணும். நம்ம நாலு இலக்கக் கணக்குல பெரிய மூலம் 80.00, அப்ப சின்னது 1/80 = 0.0125. அதே ரவுண்ட் பண்ணின 79.97-ஐ வச்சே 20 சதவீதப் பிழை 0.02-க்கும் கீழ இறங்கிடுச்சு!

பைத்தான்ல:

```python
from math import sqrt, copysign

def roots(a, b, c):
    d = sqrt(b*b - 4*a*c)
    q = -(b + copysign(d, b)) / 2
    return q/a, c/q
```

`roots(1, -1e8, 1)` கொடுத்தா 100000000.0, 1e-08-ன்னு வரும். இதுல `copysign`-க்குக் காரணம் இருக்கு. சிலர் sign(b)-யால பெருக்குவாங்க. பல மொழிகள்ல sign(0) பூஜ்யம். அப்ப x² − 4 = 0 மாதிரி b இல்லாத சமன்பாட்டுல q பூஜ்யமாகி, c/q-ல மாட்டிக்கும். `copysign` அங்கயும் ஒரு குறியைக் கொடுத்துடும். b, c ரெண்டுமே பூஜ்யம்னா மட்டும் தனியா கவனிக்கணும்.

எனக்கு ஆத்திரம் வர்ற இடமே இதுதான். பெருக்கற்பலன் சூத்திரம் அதே பாடத்துலதான் இருக்கு. ஆனா அதை வச்சு "மூலங்கள் கொடுக்கப்பட்டால் சமன்பாட்டை அமைக்க"ன்னு கணக்கு போடச் சொல்றதோட சரி. சரிபார்க்கறதுக்குக் கூட்டற்பலனையே பிடிச்சுக்கறாங்க, அது இங்க ஏமாத்தும். பத்து கோடி உதாரணத்துல தப்பான மூலத்தை வச்சுக் கூட்டினாலும் பத்து கோடியேதான் வரும், சின்னது அதுல அமுங்கிப்போயிடும். பெருக்கிப் பாருங்க, 1 வரவேண்டிய இடத்துல 0.745 வந்து காட்டிக் கொடுத்துடும்.

இது புதுசும் இல்லை. ஸ்டான்ஃபோர்ட்ல இருந்த ஜார்ஜ் ஃபோர்சைத், இருபடிச் சமன்பாட்டை எப்படித் தீர்ப்பதுன்னே தலைப்பு வச்சு 1966-ல ஒரு அறிக்கை எழுதினார். 1970-ல கணிதப் புத்தகம் மட்டும் ஏன் போதாதுன்னு ஒரு கட்டுரையும் எழுதினார். அரை நூற்றாண்டு ஓடிப்போச்சு.

ஒண்ணு மட்டும் சொல்லிடணும். இந்த முறை −b-க்கும் வர்க்கமூலத்துக்கும் நடுவுல நடக்கற கழித்தலைத்தான் சரி பண்ணும். ரெண்டு மூலமும் ஏறக்குறைய ஒண்ணா இருந்தா, b²-யும் 4ac-யும் பக்கத்துப் பக்கத்துல வந்து, அதே வில்லங்கம் ரூட்டுக்கு உள்ளயே நடக்கும். அங்க பெருக்கற்பலன் உதவாது. தன்மைக்காட்டியை மட்டுமாவது கூடுதல் இலக்கத்துல போட்டாகணும். இதை வில்லியம் கஹான் 2004-ல விரிவா எழுதியிருக்கார், அதுக்குத் தனிப் பதிவே வேணும்.