கடனைப் பிள்ளை தலையில ஏத்தாதீங்க

பிளஸ் டூ பரீட்சை நெருங்கினா எங்க ஊர்ல ஒரே பேச்சுதான்: "போர் போட்ட கடன் உன்னை நம்பித்தான்டா இருக்கு." பிள்ளைக்குப் பாடத்தைவிட அதுதான் கனம். ஒரே பக்கத்தை அரைமணி நேரம் பார்த்துக்கிட்டு இருக்கும், காலையில வயித்துவலிங்கும். அது சோம்பல் இல்லைங்க, பயம்.

அப்போ புத்திமதியைவிடக் கணக்குதான் உதவும். பக்கத்து வீட்டுப் பையனோட உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். இயற்பியல்ல செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. இந்த 30-ல பெரும்பகுதி பரீட்சைக்கு முன்னாடியே கையில வந்துடும். மிச்சம் 70 எழுத்துத் தேர்வு. அதுல 15 எடுத்து, மொத்தம் 35 வந்தா பாஸ். ஒரு மார்க் கேள்வியே 15 இருக்கு. பாஸ் நிச்சயம்னு தெரிஞ்சதும் பையன் முகம் தெளிஞ்சிடுச்சு. அதுக்குமேல எடுக்கிற ஒவ்வொரு மார்க்கும் லாபம்னு படிக்க ஆரம்பிச்சான்.

பரீட்சை ஹால்ல வினாத்தாள் படிக்க முதல் 10 நிமிஷம் தருவாங்க. தெரிஞ்ச கேள்வியைப் பார்த்து வெச்சுக்கிட்டு, அதுலயே எழுத ஆரம்பிச்சா நடுக்கம் அடங்கும்.

பெத்தவங்க சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "தவறினாலும் இந்த வருஷமே துணைத்தேர்வு இருக்கு. கடன் எங்க பாடு." இதைப் பரீட்சைக்கு முன்னாடியே சொல்லணும். ரிசல்ட் வந்தப்புறம் சொன்னா அது ஆறுதல் மட்டும்தான். அப்படியும் பிள்ளை தூங்காம, சாப்பிடாம இருந்தா 14417-க்கு போன் பண்ணுங்க.