அறுந்த விரலை ஐஸ்ல போடாதீங்க

1/ ஒரு எவர்சில்வர் டம்ளர். அது நிறைய ஐஸ் தண்ணி. அதுக்குள்ள ஒரு ஆட்காட்டி விரலோட நுனி, நகத்தோட. கேஷுவாலிட்டி டேபிள்ல அதை வெச்சுட்டு, "பத்திரமா கொண்டு வந்துட்டோம் டாக்டர்"னு சொன்னாங்க. பத்திரமா இல்லைங்க. அந்த விரலைக் கெடுத்ததே அந்த டம்ளர்தான். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ முதல்லயே சொல்லிடறேன். நான் கை சர்ஜன் இல்ல. அரசு மருத்துவமனையில கேஷுவாலிட்டி டூட்டி பார்க்கிற எம்பிபிஎஸ். விரலை ஒட்ட வைக்கிறது என் வேலை இல்ல. ஆனா ஒட்ட வைக்க முடியுமா முடியாதான்னு தீர்மானிக்கிற முதல் சில மணி நேரத்தை நான்தான் பார்க்கறேன். அது பெரும்பாலும் வீணாப் போகுது. அந்தக் கோபத்துலதான் எழுதறேன்.

3/ டம்ளர் விரலுக்குச் சொந்தக்காரர் இருபத்தஞ்சு வயசுப் பையன். மயிலாப்பூர் பக்கம் ஒரு சின்ன அச்சகம். பேப்பர் கட்டிங் மெஷின். காலை 11 மணி வாக்குல பிளேடு இறங்கும்போது விரல் உள்ள. நகத்துக்குக் கீழே, கடைசி மூட்டை ஒட்டி, கோடு போட்ட மாதிரி வெட்டு.

4/ கேக்கக் கொடூரமா இருக்கும், ஆனா சர்ஜன் கண்ணுல இது "நல்ல" வெட்டு. கரும்பு ஜூஸ் மெஷின்ல மாட்டின விரல் நசுங்கிப் போகும், ரத்தக்குழாய் நூல் நூலா பிஞ்சிடும். கூரான பிளேடு அப்படிச் செய்யாது. ரெண்டு பக்கமும் குழாய் முனை சுத்தமா இருக்கும். வாய்ப்பு இருந்த விரல் இது.

5/ அப்புறம் நடந்ததைப் பாருங்க. ரப்பர் பேண்டை இறுக்கிச் சுத்தினாங்க. காயத்துல காபித்தூள் அப்பினாங்க. நுனியை ஐஸ் தண்ணியில போட்டாங்க. பக்கத்துத் தெரு கிளினிக்ல டிடி ஊசி, வலி ஊசி, கட்டு. ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சுட்டு, "எங்ககிட்ட வசதி இல்ல, வேற இடம் பாருங்க". வேற இடத்துல எக்ஸ்ரே, அட்வான்ஸ் பேச்சு. எங்ககிட்ட வந்தப்போ சாயங்காலம் 6 மணி.

6/ பிளாஸ்டிக் சர்ஜன் லென்ஸ் போட்டுப் பார்த்தார். நுனி ஊறி உப்பிப்போய், ஐஸ் பட்ட இடம் வெளிறிக் கிடந்தது. குழாயைத் தேடிப் பார்த்துட்டு, "ஒண்ணும் தேறாது"ன்னு தலையை ஆட்டினார். மிச்ச விரலை மூடித் தையல் போட்டு அனுப்பினோம். பையன் என்கிட்ட கேட்ட ஒரே கேள்வி: "ஐஸ்லதானே டாக்டர் போடணும்னு சொல்லுவாங்க?"

7/ ஆமா, சொல்லுவாங்க. சினிமாவுல காட்டுவாங்க, வாட்ஸாப் ஃபார்வர்டுல வரும். அரை உண்மை. குளிர்ச்சி வேணும், ஐஸ் படக்கூடாது. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது ஒரு பிளாஸ்டிக் கவர். அவ்வளவுதான். ஒரு கவர் இல்லாம ஒரு விரல் போச்சு.

8/ ஏன்னு சொல்றேன். விரல் நுனிக்குப் போற ரத்தக்குழாய் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதைத் தலைமுடியை விட மெல்லிசான நூலால, மைக்ரோஸ்கோப் வெச்சுத் தைக்கணும். ஐஸ் நேரா பட்டா திசு உறையும், செல்லுக்குள்ள இருக்கிற தண்ணி படிகமாகி செல்லையே கிழிக்கும். வெறும் தண்ணியில போட்டா திசு தண்ணியை உறிஞ்சி ஊறும். துணி துவைச்ச கை எப்படி இருக்கும்? அதை விட மோசமா. அந்தக் குழாயில தையல் நிக்காது.

9/ சரி, என்ன செய்யணும்? முதல்ல மெஷினை நிறுத்துங்க, மெயின் சுவிட்சோட. விரல் உள்ள மாட்டியிருந்தா இழுக்காதீங்க. அப்புறம் ஆள், அதுக்கப்புறம்தான் துண்டு. சுத்தமான துணியைக் காயத்து மேல வெச்சு விடாம அழுத்துங்க, 10 நிமிஷம். நடுவுல எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. கையை நெஞ்சுக்கு மேல தூக்கிப் பிடிங்க. விரல் நுனி ரத்தம் பெரும்பாலும் இதுக்கே அடங்கிடும்.

10/ ரப்பர் பேண்ட், கயிறு, நூல் வேண்டாம். இறுக்கிக் கட்டினா மிச்சமிருக்கிற விரலுக்கும் ரத்தம் நின்னுடும். காபித்தூள், மஞ்சள்தூள், பேஸ்ட், மசி எதுவும் வேண்டாம். நீங்க அப்பினதை நாங்க தேய்ச்சுக் கழுவித்தான் எடுக்கணும். மோதிரம் இருந்தா வீங்கறதுக்கு முன்னாடி கழட்டுங்க.

11/ இப்போ துண்டு. மண், எண்ணெய் ஒட்டியிருந்தா சுத்தமான தண்ணியை லேசா ஊத்தி அலசுங்க. தேய்க்காதீங்க. டெட்டால், ஸ்பிரிட் வேண்டாம். சுத்தமான பருத்தித் துணியையோ காஸையோ சலைன்ல நனைச்சு நல்லா பிழிஞ்சு அதுல சுத்துங்க. சலைன் இல்லையா, குடிக்கிற தண்ணி போதும். ஈரமா இருக்கணும், சொட்டக் கூடாது.

12/ அதை ஓட்டையில்லாத பிளாஸ்டிக் கவர்ல போட்டு, காத்தை வெளியேத்தி இறுக்கி முடி போடுங்க. இன்னொரு பெரிய கவர்லயோ டிபன் பாக்ஸ்லயோ பாதி ஐஸ், பாதி தண்ணி. அதுக்குள்ள முதல் கவர். ஐஸோட தண்ணி சேர்த்தாத்தான் உறையாத குளிர்ச்சி கிடைக்கும். ஃப்ரீசர் கூடாது, டிரை ஐஸ் கூடவே கூடாது. கவர் மேல ஆள் பேரும், அடிபட்ட நேரமும் எழுதுங்க.

13/ விரல் தோல்ல தொங்கிட்டு இருந்தா அறுத்து எடுக்காதீங்க! அந்தத் தோல் பட்டைக்குள்ள ஒரு சிரை உயிரோட இருக்கலாம். இருக்கிற நிலையிலேயே, முறுக்காம, துணியால சுத்தி ஒரு அட்டையோட சேர்த்துக் கட்டிக் கூட்டிட்டு வாங்க.

14/ அடிபட்டவருக்கு காபி, டீ, ஜூஸ் கொடுக்காதீங்க. மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். "ஒரு தம் அடிச்சா படபடப்பு போகும்"னு சிகரெட் நீட்டற நண்பரை அப்பால தள்ளுங்க. நிகோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும். நாம காப்பாத்தப் பார்க்கிறதே அந்தக் குழாயைத்தான்.

15/ இதுக்கு மேலதான் என் உண்மையான சண்டை. "நேரம் ஆகுது"ங்கிற பயத்துல கண்ணுல பட்ட முதல் போர்டுக்குள்ள நுழையறீங்க. விரல்ல தசை கிடையாது. அதனால கை கால் மாதிரி சீக்கிரம் சாகாது. வெளி வெப்பத்துல சுமார் 6லிருந்து 12 மணி நேரம், சரியா குளிர வெச்சா 24 மணி நேரம் வரைக்கும் கூட ஒட்ட வைக்க முயற்சி பண்ணலாம்.

16/ அதுக்காக மெதுவா வாங்கன்னு அர்த்தம் இல்ல. சீக்கிரம் வந்தா எப்பவும் நல்லது. ஆனா அடையாறுலயோ தி.நகர்லயோ இருக்கிற உங்களுக்கு, ஊரைத் தாண்டி சரியான இடத்துக்குப் போக நேரம் இருக்கு. தப்பான மூணு இடத்துல உக்காரத்தான் நேரம் இல்ல. அந்தப் பையனோட 7 மணி நேரத்துல பயணம் ரொம்பக் கொஞ்சம். மிச்சமெல்லாம் காத்திருப்பு.

17/ சரியான இடம் எது? அரசுல ராயபுரம் பக்கம் இருக்கிற ஸ்டான்லி. கை அறுவைக்குன்னே தனித் துறை அங்க இருக்கு. அதை வளர்த்தவர் டாக்டர் ஆர். வெங்கடசாமி. விரல் நுனி சாய்வா வெட்டுப்பட்டா, அதே விரலோட பக்கத் தோலை முக்கோணமா நகர்த்தி மூடுற முறையை அவரும் டாக்டர் சுப்ரமணியனும் 1980ல வெளியிட்டாங்க. நம்ம ஊர் கண்டுபிடிப்பு அது. அந்த ஊர்லதான் நாம டம்ளர்ல விரலைத் தூக்கிட்டு அலையறோம்.

18/ சென்ட்ரல் எதிர்ல ராஜீவ் காந்தி ஜி.ஹெச்., கீழ்ப்பாக்கம் ரெண்டுலயும் பிளாஸ்டிக் சர்ஜரி துறை உண்டு. தனியாரா இருந்தாலும் சரி, கிளம்பறதுக்கு முன்னாடி போன் பண்ணி ஒரே கேள்வி: "அறுந்த விரலை ஒட்ட வைக்கிற மைக்ரோவாஸ்குலர் சர்ஜன் இப்போ இருக்காரா?" இல்லைன்னா அடுத்த நம்பர். ரத்தம் நிக்கலை, ஆள் மயங்கறார்னா 108. அப்போ எந்த மருத்துவமனை பக்கமோ அதுதான், விரல் அப்புறம்.

19/ முதலாளிகளுக்கு. ஏன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரலைன்னு எனக்குத் தெரியும். ஏ.ஆர். காப்பி போடுவாங்க, போலீசுக்குத் தகவல் போகும். அதனால "வீட்ல கத்தி பட்டுடுச்சு"ன்னு சொல்லச் சொல்லி சின்ன கிளினிக். 1923ம் வருஷத்து தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே ஆட்காட்டி விரல்ல ஒரு கணு போனா 9 சதவீத சம்பாத்திய இழப்புன்னு அட்டவணை போட்டு வெச்சிருந்துச்சு. உங்க பயத்துக்கு அவன் விரலையும் கொடுத்து, ஆதாரத்தையும் கொடுக்கணுமா?

20/ சக டாக்டர்களே, நம்ம பக்கமும் தப்பு இருக்கு. "இது சின்னத் துண்டு, வேலைக்காகாது"ன்னு குப்பையில போடற உரிமை நமக்கு இல்ல. முழுசா ஒட்டாட்டியும் அந்தத் துண்டுல இருக்கிற தோலும் நகப்படுகையும் ஒட்டு வைக்க உதவலாம். சின்னக் குழந்தைகளுக்கு நுனியை அப்படியே தைச்சாலே பிடிச்சுக்கிற வாய்ப்பு உண்டு. நம்மகிட்ட வசதி இல்லைன்னா அழுத்திக் கட்டி, துண்டைச் சரியா பேக் பண்ணி, போன் பண்ணிட்டு 15 நிமிஷத்துல அனுப்புங்க. ரெண்டு மணி நேரம் வெச்சுக்காதீங்க.

21/ பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். நசுங்கின விரல், நகத்துக்கும் வெளியே போன ரொம்பச் சின்ன நுனி, பல சமயம் ஒட்ட வைக்க மாட்டாங்க. எலும்பு தெரியாத சின்னக் காயம் வெறும் டிரஸ்ஸிங்லயே ஆறிடும். ஒட்ட வெச்சதும் முதல் சில நாள்ல குழாய் அடைச்சுக் கருத்துப் போகலாம். பிழைச்ச விரலும் கொஞ்சம் விறைப்பா, மரத்த மாதிரி இருக்கலாம்.

22/ ஆனா அந்த முடிவை எடுக்க வேண்டியது மைக்ரோஸ்கோப் முன்னாடி உக்காந்திருக்கிற சர்ஜன். டம்ளர் இல்ல, காபித்தூள் இல்ல, முதலாளியோட பயம் இல்ல. முழுசா துண்டான கட்டைவிரலை ஜப்பான்ல 1965லயே ஒட்ட வெச்சுட்டாங்க. நமக்கு இன்னும் ஒரு பிளாஸ்டிக் கவர் கைக்கு எட்டலை.

23/ மெஷின் இருக்கிற ஒவ்வொரு கடையிலயும் மெயின் சுவிட்ச் பக்கத்துல ஒரு காஸ் ரோல், ஒரு சலைன் பாட்டில், ரெண்டு ஜிப் கவர், ஒரு போன் நம்பர் ஒட்டி வைங்க. அந்தப் பையன் தையல் பிரிக்க வந்தப்போ, தன் அச்சகத்துல இதை மாட்டிட்டேன்னு போட்டோ காட்டினான். அவனுக்கு இனி அது உதவாது. பக்கத்து மெஷின்ல நிக்கிறவனுக்கு உதவும்.