விறகு அடுப்புக்கு விறகுதான் வேணுமா? வேர்க்கடலை ஓடு சொல்லும் கணக்கு

‘விறகு அடுப்பு சமையல்’ என்று போர்டு வைத்தால் சென்னையில் கூட்டம் வரும். ஆனால் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மாதிரி வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் இடத்தில், அந்த அடுப்பின் புகை பக்கத்து வீட்டு மாடிக்குப் போனால் சண்டையும் வரும். சமையல்காரரின் நுரையீரலுக்குள் போகும் புகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கேஸுக்கு மாறினால் செலவு ஏறும் என்று தயங்கும் கேட்டரிங் கூடங்களுக்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது: விவசாயக் கழிவை அழுத்திச் செய்யும் பிரிக்கெட்டும் பெல்லட்டும்.

அது என்ன?

வேர்க்கடலை ஓடு, மரத்தூள் மாதிரியான கழிவைக் காயவைத்து, பொடித்து, மெஷினில் பலமாக அழுத்துவார்கள். அந்தச் சூட்டில் கழிவில் இயற்கையாக இருக்கும் லிக்னின் இளகி, பசை போல ஒட்டிக்கொள்ளும். கை மொத்தத்துக்கு உருளையாக வந்தால் பிரிக்கெட். பென்சில் மொத்தத்தில் குட்டித் துண்டாக வந்தால் பெல்லட். சென்னைக்குப் பக்கத்திலேயே விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் வேர்க்கடலை நிறைய விளைகிறது.

கிலோ விலை ஏமாற்றும்

விறகுத் தொட்டியில் எடை போடும்போது விறகோடு சேர்த்து தண்ணீருக்கும் காசு கொடுக்கிறோம். சரியாகக் காயாத 100 கிலோ விறகில் 35 கிலோ தண்ணீர் இருக்கலாம். மீதி 65 கிலோ கட்டைதான் எரியும். அதிலும் ஒரு பங்கு சூடு, அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். கடைசியில் கிலோவுக்கு சுமார் 2,650 கிலோகலோரி மிஞ்சும். ஈரம் 8 சதவீதம் உள்ள நல்ல கடலை ஓட்டு பிரிக்கெட்டில் அது 3,900 அளவுக்கு இருக்கும். அதாவது 100 கிலோ ஈர விறகின் வேலையை 68 கிலோ பிரிக்கெட் செய்துவிடும். விறகு கிலோ 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பிரிக்கெட்டுக்கு 8 ரூபாய் 80 காசு வரை கொடுத்தாலும் நஷ்டம் இல்லை. விறகு நன்றாகக் காய்ந்திருந்தால் இந்த வித்தியாசம் குறையும். அதனால் விலை கேட்கும் முன் ஈரத்தைக் கேட்க வேண்டும்.

அடுப்பு மாறாமல் புகை போகாது

புகை என்பது எரியாமல் தப்பித்த எரிபொருள். ஈரம் சூட்டைக் குறைப்பதால் அது தப்பிக்கிறது. காற்று போதாவிட்டாலும் தப்பிக்கும். பழைய மூணு பக்கச் செங்கல் அடுப்பில் பிரிக்கெட்டைப் போட்டால் புகை குறையுமே தவிர நிற்காது. அடியில் ஒரு கம்பித் தட்டு, கீழிருந்து காற்று, தீக்கு மேலே துளைகள் வழியாக இன்னொரு முறை காற்று, அதைத் தள்ள ஒரு சின்ன ஃபேன் என்று இருந்தால்தான் அந்த வாயுவும் எரியும். பெல்லட் அடுப்புகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. பிரியாணி தம்முக்கு மூடி மேல் போடும் தணலுக்கு மட்டும் கொஞ்சம் கரி வைத்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

ஒரு துண்டைத் தண்ணீரில் போடுங்கள். நன்றாக அழுத்தியது மூழ்கும். மிதந்தால் அழுத்தம் போதவில்லை, சீக்கிரம் உதிரும். அடுத்து ஒரு கிலோ எரித்து சாம்பலை எடை போடுங்கள். கடலை ஓட்டில் 50 கிராமைத் தாண்டினால் மண் கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படலாம். உமியில் செய்ததாக இருந்தால் 200 கிராம் வரைகூட வரும், தட்டு அடிக்கடி அடைக்கும். இன்னொரு விஷயம், மழை. நனைந்த விறகு மறுபடி காயும். நனைந்த பிரிக்கெட் ஊதிப்போய்த் தூளாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மூடிய இடமும் தரையிலிருந்து உயரமான பலகையும் இல்லாத கடை இதை மொத்தமாக வாங்கக் கூடாது.

ஊர்ஜா சொல்லும் பாடம்

2006-ல் பிபி நிறுவனம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தொழில்நுட்பத்தில் ‘ஊர்ஜா’ என்ற ஃபேன் வைத்த பெல்லட் அடுப்பைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு உட்பட பல மாநிலங்களில் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போனது. அடுப்பு நன்றாகவே எரிந்தது. ஆனால் பெல்லட் விலை ஏற ஏற வீடுகள் அதைக் கைவிட்டன. பிறகு பொறுப்பேற்ற ஃபர்ஸ்ட் எனர்ஜி நிறுவனம், ஓட்டல்கள், பெரிய சமையலறைகள் பக்கம் திரும்பியது. வீட்டுக்காரர் பெல்லட்டை மானிய சிலிண்டரோடும் சும்மா கிடைக்கும் சுள்ளியோடும் ஒப்பிடுவார். ஓட்டல்காரர் கமர்ஷியல் சிலிண்டரோடு ஒப்பிடுவார். அங்கே கணக்கு நிற்கும்.

அதே விலை ஆபத்து இன்றும் இருக்கிறது. அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு 5 சதவீதம் பயோமாஸ் பெல்லட் சேர்த்து எரிக்க வேண்டும் என்று மத்திய மின்துறை 2021 அக்டோபரில் கொள்கை வகுத்தது. அவ்வளவு பெரிய வாடிக்கையாளர் வரும் சந்தையில், மாதம் இரண்டு டன் வாங்கும் கேட்டரிங்காரரின் பேரம் எடுபடாது. நாலைந்து கூடங்கள் சேர்ந்து, அறுவடை சமயத்திலேயே ஒரு வருஷத்துக்கு விலை பேசி ஒப்பந்தம் போடுவதுதான் அதற்குப் பாதுகாப்பு. அந்த ஒப்பந்தத்தில் ஈரம், சாம்பல் இரண்டுக்கும் உச்ச வரம்பு எழுதியிருக்க வேண்டும். அதைப் போட்ட பிறகு புது அடுப்புக்கு ஆர்டர் கொடுக்கலாம்.