சிவகாசி விலையில் வீடு தேடி வரும் வெடி

தீபாவளிக்கு ஒரு திங்களுக்கு முன்னரே நம் நெல்லைச் சீமையின் வீடுகளில் கைப்பேசித் திரை பட்டாசு விளம்பரங்களால் நிறைந்துவிடுகிறது. ஆலை விலை, நூற்றுக்கு எண்பது தள்ளுபடி, வீட்டிற்கே கூரியர் என்பர். இவற்றுள் பல போலியானவை என்று தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவு 2024 ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன் எச்சரித்தது.

எண்பது விழுக்காட்டுத் தள்ளுபடியைக் கண்டு மட்டும் ஐயுறுவதில் பயனில்லை. சிவகாசியின் நேர்மையான கடைகளும் பட்டியலில் விலையை உயர்த்தி அச்சிட்டு, பின்னர் அவ்வளவு குறைப்பது நெடுநாள் வழக்கமே. ஐயத்திற்குரியது அந்தக் கூரியர்தான். வெடிபொருளை அஞ்சலகம் ஏற்பதில்லை. கூரியர் நிலையங்களும் ஏற்பதில்லை. உண்மையான வணிகர் லாரி பார்சலில் அனுப்புவார். நாம் லாரி ஆபீசுக்குச் சென்று எடுத்துவர வேண்டும். மேலும், இணைய வணிகத் தளங்கள் பட்டாசு விற்பதை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தடை செய்தது. ஆகவே தளத்திலேயே முழுத்தொகையையும் கட்டச் சொல்வது இரண்டாவது அடையாளம்.

பேட்டையில் நமக்கு அறிமுகமான குடும்பத்தார் 3,500 ரூபாய்க்குப் பட்டாசு வாங்க எண்ணினர். விலைப்பட்டியலின் அடியில் ஜி.எஸ்.டி. எண் இருந்தது. பதினைந்து எழுத்துகளும் இருந்தன. தமிழ்நாட்டுக்குரிய 33 என்ற தொடக்கமும் இருந்தது. நம்பத்தக்கதாகவே தோன்றியது. எனினும் வீட்டுப் பெண் கல்லூரி மாணவி. அந்த எண்ணை gst.gov.in தளத்தில், வரி செலுத்துவோரைத் தேடும் பக்கத்தில் இட்டுப் பார்த்தாள். எண் மெய்தான், ஆனால் அது வேறோர் ஊரின் இரும்புக் கடைக்கு உரியது! பிறர் எண்ணைக் களவாடி அச்சிடுவது இவர்களுக்கு எளிது. ஆதலால் எண் இருக்கிறதா என்று பார்ப்பது போதாது; அதற்குரிய பெயர் கடைப்பெயரோடு பொருந்துகிறதா என்று காண வேண்டும். (ஆண்டு விற்பனை 40 லட்சத்திற்குக் குறைந்த சிறு வணிகரிடம் எண்ணே இல்லாமலும் இருக்கலாம், அது குற்றமாகாது.)

அடுத்து, அனுப்பப்பட்ட யு.பி.ஐ. குறியை ஸ்கேன் செய்தனர். இரகசிய எண்ணை இடும் முன்னர், பணம் பெறுவோரின் வங்கிக் கணக்குப் பெயர் திரையில் தோன்றும். அங்கே கடைப்பெயர் இல்லை. யாரோ ஒரு தனிமனிதர் பெயர், அதுவும் ஜி.எஸ்.டி. தளத்தில் கண்ட உரிமையாளர் பெயரன்று. காரணம் கேட்டதற்கு, "கணக்காளர் எண் அது, பத்து நிமிடத்தில் கட்டாவிட்டால் சரக்கு தீர்ந்துவிடும்" என்று மறுமொழி வந்தது. அவர்கள் கட்டவில்லை. சங்கரன்கோவில் சாலையில் ஒரு கடையில் வாங்கினர். சற்று விலை கூடுதல்தான்.

பணம் போய்விட்டதாயின், அக்கணமே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும், cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். யு.பி.ஐ. ரசீதிலுள்ள பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் கேட்பார்கள். எடுக்கப்படாமல் எஞ்சிய தொகையை மட்டுமே வங்கியால் முடக்க இயலும். எனவே விடியட்டும் என்று காத்திருந்தால் எஞ்சுவது ஏதுமிராது.