பைக் அவ்வளவு தூரத்தில் இல்லை

கஞ்சிக்கோட்டில் வாளையார் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து வலப்புறம் திரும்பும் நம்மவர்கள், எதிரே லாரி வந்தால் காத்திருக்கிறார்கள். பைக் என்றால் காரைத் திருப்பிவிடுகிறார்கள். துணிச்சல் அல்ல, கண்ணின் தப்புக் கணக்கு.

லாரியின் அகலம் இரண்டரை மீட்டர், பைக்குக்கு முக்கால் மீட்டர்தான். 100 மீட்டரில் வரும் பைக், 300 மீட்டருக்கு அப்பாலுள்ள லாரியின் அகலமே தெரியும். உருவம் பெருத்து வருவதை வைத்தே கண் வேகத்தை அளக்கிறது. ஒல்லி உருவமோ கிட்டே வரும்வரை பெருத்துக் காட்டாது.

இரவில் குமுளிச் சாலையில் இன்னும் மோசம். கார் நெருங்க நெருங்க அதன் இரு விளக்குகளும் விலகிக்கொண்டே வரும். ஒற்றை விளக்கில் அந்தக் குறிப்பும் இல்லை. 2017 முதல் புதிய பைக்குகளில் பகலிலும் விளக்கு எரிகிறது. அது பைக்கைக் காட்டும், தூரத்தைச் சொல்லாது.

ரயில்வேயில் நாங்கள் கண்மதிப்பை நம்பாமல் சிக்னலை நம்பினோம். இங்கே சிக்னல் இல்லை. பைக் போன பிறகே திருப்ப வேண்டும் என்பது என் கட்சி. 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 100 மீட்டருக்கு 6 விநாடிதான். திரும்பவே நாலைந்து விநாடி போய்விடும்.